ஒரு மூக்கில் மட்டும் நாறும் சளி: வீட்டில் தோண்டாதீர்கள்

இரண்டு, மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு மூக்கில் மட்டும் சளி ஒழுகி, அது நாறவும் செய்தால், உள்ளே ஏதோ கிடக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யும்வரை அந்தச் சந்தேகத்தை விடக் கூடாது. காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வரும் பயிற்சி மருத்துவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். தலையாட்டுவார்கள். அடுத்த வாரம் பார்த்தால் அதே மாதிரி ஒரு குழந்தைக்குச் சளி சிரப் எழுதிக்கொண்டிருப்பார்கள். எங்கள் பயிற்சிக் காலத்திலும் இதே கூத்துதான் நடந்தது.

பாசிமணியையும் பயறையும் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள் என்று பாடம் எடுக்கப் போவதில்லை. வீட்டில் தட்டைப்பயறு காய்கிற ஊரில், வாசலில் மக்காச்சோளம் கொட்டிக் கிடக்கிற ஊரில், அது எவ்வளவு தூரம் முடியும் என்று எனக்கும் தெரியும். பொருள் உள்ளே போன பிறகு நடக்கும் தவறுகளைத்தான் சொல்கிறேன்.

சிரப் மேல் சிரப்

சாதாரணச் சளி இரண்டு மூக்கிலும் வரும். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கினாலும் அப்படித்தான். ஒரு பக்கம் மட்டும் மஞ்சளோ பச்சையோ ஒழுகி, மறுபக்கம் காய்ந்து சுத்தமாக இருந்தால் கணக்கு வேறு. உள்ளே கிடக்கும் பொருள் சதையை உரசிப் புண்ணாக்குகிறது, நீர் வெளியே வர வழியில்லாமல் தேங்குகிறது, தேங்கிய இடத்தில் கிருமி வளர்கிறது. அந்த நாற்றம் பக்கத்தில் உட்கார்ந்தாலே அடிக்கும். குழந்தை வாய் திறந்தால் நாறுகிறது என்று பல் டாக்டரிடம் போய்விட்டு வருபவர்களும் உண்டு. விதை என்றால் சில நாட்களிலேயே வாடை கிளம்பும். பிளாஸ்டிக் பாசி வாரக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும்.

ஆன்டிபயாடிக் கொடுத்தால் வாடை குறையும், அதுதான் ஏமாற்றுகிறது. மருந்து நின்று சில நாளில் மறுபடியும் வரும். ஒரே பக்கம், மறுபடியும் மறுபடியும் என்றால் மூன்றாவது சிரப் வாங்காதீர்கள்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. எவர்சில்வர் ஸ்பூனைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துத் துடைத்து, வாய் மூடித் தூங்கும் குழந்தையின் மூக்குக்குக் கீழே பிடியுங்கள். இரண்டு பக்கமும் பனி படிந்தால் இரண்டிலும் காற்று வருகிறது. ஒரு பக்கம் மட்டும் படியாவிட்டால் அந்தப் பக்கம் அடைப்பு. இரண்டும் படிந்துவிட்டதால் உள்ளே ஒன்றுமில்லை என்று முடிவு கட்டக் கூடாது, சின்னப் பாசி காற்றை முழுதாக மறைக்காது.

பிளக்கர், கொண்டை ஊசி, பட்ஸ்

எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காத தவறு இதுதான்.

காங்கேயம் பக்கத்துக் கிராமம். இரண்டரை வயதுப் பெண் குழந்தை. அம்மா திருப்பூர் பனியன் கம்பெனிக்காக வீட்டிலிருந்தே டீசர்ட்டில் பாசி தைத்துக் கொடுப்பவர். மூன்று வாரமாகக் குழந்தையின் வலது மூக்கில் மட்டும் சளி. இரண்டு முறை சிரப் வாங்கியாகிவிட்டது. ஒரு ராத்திரி செல்போன் டார்ச் அடித்துப் பார்த்த அம்மிச்சி, உள்ளே வெள்ளையாக ஏதோ மினுங்குகிறது என்று கண்டுபிடித்தார். அதுவரை சரி, அவர் கண்டுபிடித்ததை எந்த டாக்டரும் கண்டுபிடிக்கவில்லை. அதன் பிறகுதான் கெட்டது.

அப்பா புருவம் திருத்தும் பிளக்கரை எடுத்து வந்தார். "முன்னாலயே தெரிஞ்சுதுங்க, ஒரே புடியில வந்துரும்னு நெனச்சனுங்க. வழுக்கிட்டு உள்ள போயிருச்சுங்க" என்று காலையில் எங்களிடம் சொன்னார். பின்னால் போனதை மீட்க, பக்கத்து வீட்டுக்காரர் கொண்டை ஊசியை வளைத்துத் தந்திருக்கிறார். ரத்தம் வந்ததும் நிறுத்தினார்கள். அவர்கள் வந்தபோது மூக்கின் வாசல் சிவந்து உரிந்திருந்தது, உள்ளே ரத்தக் கட்டி, வீங்கிய சதை. பாசி கண்ணுக்கே தெரியவில்லை. வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே குழந்தை அலறியது.

ஏன் வழுக்குகிறது? மூக்கு மேல்நோக்கிப் போவதாகத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது அண்ணத்தின் மேலே, முகத்துக்கு நேர் பின்பக்கமாகத் தட்டையாக ஓடி, தொண்டையின் மேல்பகுதியில் திறக்கிறது. பாசி பெரும்பாலும் அந்தத் தரையில், பக்கச் சுவரிலிருந்து துருத்தும் சதை மடிப்புக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். பிளக்கரின் இரண்டு முனையும் உருண்டையின் முன்பாதியில்தான் பதியும், பின்பாதியை எட்டாது. அழுத்த அழுத்த, ஈரப் புளியங்கொட்டையை விரல் நுனியில் நசுக்கியது போல அது எதிர்ப்பக்கம் எகிறும். மூக்கில் எதிர்ப்பக்கம் என்றால் தொண்டை. அழுதுகொண்டிருக்கும் குழந்தை அந்த நேரம் பார்த்து மூச்சை இழுத்தால் பாசி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மூக்கில் கிடந்தவரை அது தொந்தரவு, மூச்சுக்குழாயில் அது உயிருக்கே ஆபத்து. தோண்டிய பிறகு குழந்தைக்குத் திடீரென்று இருமல் வந்து அடங்கிவிட்டாலும் நிம்மதி அடையாதீர்கள். பொருள் கீழே இறங்கி நுரையீரலின் ஒரு கிளையில் உட்கார்ந்தாலும் இருமல் அப்படித்தான் அடங்கும். மூச்சு விடும்போது சத்தம், திணறல், உதட்டில் நீலம் தெரிந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நாங்கள் உருண்டையான பொருளைப் பிடிக்கவே மாட்டோம். குழந்தையைத் துணியில் சுற்றி, அம்மா மடியில் உட்கார வைத்து, ஒரு நர்ஸ் தலையை அசையாமல் பிடித்துக்கொள்வார். நெற்றி விளக்கு வெளிச்சத்தில், சதையைச் சுருக்கும் மருந்தும் மரத்துப்போகும் மருந்தும் விட்டுக் காத்திருப்போம். பிறகு நுனி வளைந்த மெல்லிய கம்பியைப் பாசியின் மேல்பக்கமாக நுழைத்து அதன் பின்னால் கொண்டுபோய், நுனியைக் கீழே திருப்பி, மூக்கின் தரையோடு முன்னால் இழுத்துவிடுவோம். சில நொடி வேலை. இடுக்கி எங்களிடமும் உண்டு, ஆனால் அது பஞ்சு, காகிதம், ஸ்பாஞ்சு மாதிரி கவ்வ முடிந்த பொருளுக்கு. புதிதாக வரும் பயிற்சி மருத்துவர் பாசியைப் பார்த்ததும் கை இடுக்கியைத்தான் தேடும். அந்தக் கையை நான் தட்டிவிட்டிருக்கிறேன்.

எங்களுக்கு நல்ல வாய்ப்பு முதல் முயற்சிதான். அதை வீட்டிலேயே செலவழித்துவிட்டு வந்தால், வீக்கமும் ரத்தமும் வழியை மறைத்துவிடும், குழந்தையும் ஒத்துழைக்காது. காங்கேயத்துக் குழந்தையை அன்று வெறும் வயிற்றில் வைத்து, மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாயில் டியூப் போட்டு, தொண்டையில் துணி அடைத்துத்தான் எடுத்தோம். பாசி மூக்கின் கடைசியில், தொண்டைக்குள் விழும் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. மிளகை விடச் சற்றே பெரியது, முத்து வெள்ளை. மடியில் உட்கார வைத்து முடித்திருக்க வேண்டிய வேலைக்கு ஆபரேஷன் தியேட்டர்.

"ராத்திரி பத்து மணிக்குத் தெரிஞ்சா என்னங்க பண்றது?" என்று அந்த அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. பாசிதான் என்று தெரிந்து, குழந்தை நன்றாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால், தொடாமல் காலை வரை விடுவது தோண்டுவதை விடப் பாதுகாப்பு. என்ன பொருள் என்றே தெரியாவிட்டால் காத்திருக்கக் கூடாது. கிளம்பும் முன் சாப்பாடோ பாலோ கொடுக்காதீர்கள், மயக்கம் தேவைப்பட்டால் அதுவே பல மணி நேரம் தள்ளிப்போட வைக்கும்.

கருவி இல்லாத ஒரு முறை உண்டு. அம்மா குழந்தையின் திறந்த வாயைத் தன் வாயால் முழுக்க மூடி, அடைப்பில்லாத மூக்கை விரலால் அழுத்தி, சட்டென்று ஒரு குறுகிய ஊதல். காற்று பின்னாலிருந்து வந்து பொருளை முன்னால் தள்ளும். பத்தில் ஆறு குழந்தைகளுக்கு இது பலித்துவிடுகிறது. இதையும் டாக்டர் பக்கத்தில் இருக்கும்போது செய்யச் சொல்வதுதான் என் வழக்கம், பலிக்காவிட்டால் அடுத்த வேலை அங்கேயே நடக்கும்.

விதைக்குத் தண்ணீரும் எண்ணெயும்

பாசி ஊறாது. தட்டைப்பயறு, சோளம், நிலக்கடலை ஊறும். மூக்கின் ஈரத்திலேயே கொஞ்சம் வீங்கும், அதில் உப்புத்தண்ணீர் விட்டால் இன்னும் வேகமாக வீங்கி மூக்குச் சுவரில் இறுகிக்கொள்ளும். தோல் கழன்று மாவாகிவிட்டால் துண்டு துண்டாகத்தான் எடுக்க வேண்டியிருக்கும். விளக்கெண்ணெய் விட்டால் வழுக்கி வந்துவிடும் என்று அப்பத்தா சொன்னால் மரியாதையோடு மறுத்துவிடுங்கள். எண்ணெய் பின்னால் வழிந்து நுரையீரலில் இறங்கினால் அதுவே ஒரு நிமோனியா.

மூக்குப்பொடி, மிளகுப்பொடி

தும்மினால் வெளியே வந்துவிடும் என்று இதைக் காட்டுவார்கள். ஆனால் தும்முவதற்கு முன் குழந்தை மூச்சை உள்ளேதான் இழுக்கும். வேண்டாம்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை

பிளாஸ்டிக் பாசியும் விதையும் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. படம் சுத்தமாக இருப்பதால் மூக்கு சுத்தம் என்று ஆகாது.

பட்டன் பேட்டரி

இதற்குக் காலை வரை காத்திருக்கும் பேச்சே இல்லை. பொம்மை, ரிமோட், கை கடிகாரத்தில் இருக்கும் அந்தச் சின்ன வட்டம் சில மணி நேரத்திலேயே சதையை எரித்து, மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை போட்டுவிடும். கருப்பாக நீர் வடிந்தால், குழந்தை வலியில் துடித்தால் சந்தேகப்படுங்கள். எந்தச் சொட்டு மருந்தும் விடாதீர்கள், ஈரம் பட்டால் எரிப்பு கூடும். எக்ஸ்ரேயில் இரட்டை வளையமாகத் தெரியும். இரண்டு மூக்கிலும் காந்தம் போட்டுக்கொண்ட குழந்தைக்கும் இதே அவசரம், இரண்டும் நடுச்சுவரை நசுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

ஒன்று வந்தாயிற்று, கிளம்பலாம்

பாசி கையில் வந்ததும் வீட்டார் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். நான் உட்கார வைப்பேன். அதே மூக்கில் பின்னால், மறு மூக்கில், இரண்டு காதிலும் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன். ஒன்று போட்ட குழந்தை இன்னொன்றும் போட்டிருக்கும். காங்கேயத்துக் குழந்தையின் இடது காதில், அழுக்கோடு அழுக்காக, அதே வெள்ளைப் பாசி இன்னொன்று இருந்தது. மயக்கத்தில் இருக்கும்போதே அதையும் எடுத்துவிட்டோம். எடுத்த பிறகு நாற்றம் சில நாட்களில் போய்விட வேண்டும். ஒரு வாரத்துக்குப் பிறகும் அதே பக்கம் வாடை அடித்தால் திரும்பக் கொண்டு வாருங்கள், உள்ளே இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது.