நாயின் தடுப்பூசிப் புத்தகத்தை மொழிபெயர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலிருந்து ஜெர்மனிக்குக் குடிபெயரவிருந்த ஒரு குடும்பத்தினர், தங்கள் நாயின் தடுப்பூசிப் புத்தகத்தைக் கைபேசியில் படமெடுத்து, ஜெர்மன் மொழியில் பெயர்த்துத் தருமாறு என்னிடம் அனுப்பியிருந்தார்கள். கட்டங்கள் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தன. அவற்றை நிரப்பியிருந்தது கால்நடை மருத்துவரின் அவசரக் கையெழுத்து. இத்தகைய புத்தகத்தில் மொழி கடினமானதன்று. தேதிகளும் எண்களும்தான் நம்மைத் தவறவிடுகின்றன.

ஒரே வரிசையில் மூன்று வகைத் தேதிகள் இருக்கும் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ரேபிஸ் ஊசிக்கான வரிசையில், ஊசி போட்ட நாளாக 31/05/24 என்று எழுதப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒட்டியிருந்த மருந்துக்குப்பியின் சிட்டையில் 02/2026 என்று அச்சிட்டிருந்தது. கடைசிக் கட்டத்தில் அடுத்த ஊசிக்கான நாளாக 30/05/25 இருந்தது. சிட்டையில் உள்ளது குப்பியிலிருந்த மருந்தின் காலாவதி. நாயின் உடலில் தடுப்பாற்றல் நீடிக்கும் காலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதை ‘இந்தத் தேதி வரை செல்லும்’ என்று பெயர்த்துவிட்டால், நாய்க்கு இல்லாத ஒன்பது மாதப் பாதுகாப்பைக் காகிதத்தில் கொடுத்தவர்களாகிறோம். அடுத்த ஊசிக்கான நாளையும் ‘அடுத்த ஊசி போட வேண்டிய நாள்’ என்றே எழுத வேண்டும். செல்லுபடியாகும் காலத்தை முடிவு செய்து சான்றிதழில் எழுதுவது மருத்துவரின் பொறுப்பு.

நாள் முதலா, மாதம் முதலா என்பது அடுத்த குழப்பம். நம் ஊரில் நாளை முதலில் எழுதுவதே வழக்கம் என்றாலும், அதைப் புத்தகத்திலேயே உறுதி செய்துகொள்வது நல்லது. குட்டிப் பருவ ஊசிகள் இந்தப் புத்தகத்தில் 05/04, 03/05, 31/05 என்று வரிசையாக இருந்தன. முப்பத்தொன்றாம் மாதம் என ஒன்றில்லை. அதோடு, நாளை முதலாகக் கொண்டால் ஒவ்வோர் ஊசிக்கும் இடையே சரியாக 28 நாள் வருகிறது. இப்படி உறுதியான பிறகு, மொழிபெயர்ப்பில் மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதிவிட்டால் எவரும் மாற்றிப் படிக்க இடமிராது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, புத்தகத்தில் உள்ள பிழையை நாமே திருத்துவது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, ரேபிஸ் ஊசி போடும்போது நாயின் உடலில் மைக்ரோசிப் இருந்திருக்க வேண்டும். சிப் பொருத்துவதற்கு முன் போட்ட ஊசி கணக்கில் சேராது, ஏனெனில் எந்த நாய்க்கு அந்த ஊசி போடப்பட்டது என்பதற்கு அப்போது அடையாளம் இல்லை. இந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்திலோ சிப் பொருத்திய நாள் 12/06/24 என்றிருந்தது. அதாவது, ஊசி போட்டுப் பன்னிரண்டு நாள் கழித்து. இரண்டும் ஒரே நாளில் நடந்ததாகத்தான் வீட்டாருக்கு நினைவு. அதை நம்பித் தேதியை மாற்றி எழுத எனக்கு உரிமையில்லை. உள்ளதை உள்ளபடி பெயர்த்து, முரண்பாட்டைத் தனியாக அவர்களுக்குத் தெரிவித்தேன். மருத்துவமனைப் பதிவேட்டைப் பார்த்தபோது ஜூன் 12 என்பதே சரியென்று தெரிந்தது.

அதன் விளைவு சிறியதன்று. செப்டம்பர் 10 அன்று மீண்டும் ரேபிஸ் ஊசி போட்டார்கள். இந்தியாவிலிருந்து செல்லும் நாய்க்கு, ஊசி போட்டு 30 நாளாவது கழித்து இரத்தம் எடுத்து, ஒன்றியம் ஏற்ற ஆய்வகத்தில் எதிர்ப்பாற்றலின் அளவைப் பார்க்க வேண்டும்; அது மில்லிலிட்டருக்கு 0.5 பன்னாட்டு அலகுக்குக் குறையக் கூடாது. இரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அக்டோபர் 10 அன்று எடுத்தாலும் ஜனவரி 10 ஆகிவிடுகிறது. அவர்களோ டிசம்பருக்குப் பயணச்சீட்டு எடுத்திருந்தார்கள். சீட்டை மாற்றுவது வருத்தமே. ஆனால் நான் தேதியைச் ‘சரிசெய்து’ கொடுத்து, அது விமான நிலையத்தில் வெளிப்பட்டிருந்தால், அந்த நாய் திருப்பி அனுப்பப்பட்டிருக்கலாம், அல்லது அங்கேயே தனிமைக்கூண்டில் அடைக்கப்பட்டிருக்கலாம்.

படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மங்கலான எண்ணை ஊகித்து எழுதவே கூடாது. மைக்ரோசிப் எண் பதினைந்து இலக்கம். எனக்கு வந்த படத்தில் பதினான்குதான் எண்ண முடிந்தது, ஏனெனில் சிட்டையின் ஓரம் சுருண்டு கடைசி இலக்கத்தை மறைத்திருந்தது. மருந்துச் சிட்டையிலும் பிளாஷ் வெளிச்சம் பளிச்சென்று விழுந்து, தொகுதி எண்ணில் இருப்பது 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. பிளாஷ் இல்லாமல், சன்னலோரப் பகல் வெளிச்சத்தில், பக்கத்தை விரல்களால் தட்டையாக அழுத்திக்கொண்டு மறுபடி எடுக்கச் சொன்னேன், இரண்டும் தெளிவாயின. சிப் எண்ணை மருத்துவரின் ஸ்கேனர் காட்டும் எண்ணோடு ஒருமுறை ஒப்பிடவும் கேட்டுக்கொண்டேன். அப்படியும் படிக்க முடியாத முத்திரையோ கையொப்பமோ இருந்தால், அந்த இடத்தில் ‘படிக்க இயலவில்லை’ என்று அடைப்புக்குள் எழுதிவிட வேண்டும். பூச்சி மருந்து கொடுத்த தேதிகள் தடுப்பூசிக் கட்டங்களுக்கு இடையிலேயே எழுதப்பட்டிருந்தாலும், அவற்றைத் தடுப்பூசியாகப் பெயர்க்கக் கூடாது. மருந்தின் வணிகப் பெயரை மாற்றாமல் அப்படியே விட வேண்டும், ‘ஏ.ஆர்.வி.’ போன்ற சுருக்கத்தை மட்டும் ரேபிஸ் தடுப்பூசி என்று விரித்து, மூலத்தில் இருந்த சுருக்கத்தையும் அருகிலேயே காட்ட வேண்டும்.