வகுப்பாசிரியருக்கு ஒரு கடிதம்: பெற்றோர் எங்கே தவறுகிறார்கள்?

ஒரு திங்கட்கிழமை காலை, வருகைப்பதிவு எடுத்து முடித்தபோது ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் நான்காக மடித்த தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். அவன் அம்மா எழுதியது. நான் வகுப்பாசிரியை, கணக்குப் பாடம் எடுப்பவள். கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்:

"மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம். என் மகனை வகுப்பில் எல்லோரும் எப்போதும் கேலி செய்கிறார்கள். தகாத வார்த்தைகளால் அழைக்கிறார்கள். அவன் மிகுந்த மன உளைச்சலில் இருக்கிறான். வளர்ப்புச் சரியில்லாத அந்தப் பிள்ளைகள் மீது தக்க நடவடிக்கை எடுக்கும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இதைப் படித்த பிறகு நான் செய்தது பெரிய பிழை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "இவனை யார் கேலி செய்வது?" என்று வகுப்பைக் கேட்டேன். நாற்பது பிள்ளைகளும் வாய் திறக்கவில்லை. அவன் தலை குனிந்தபடி இருந்தான். மறுநாள் முதல் அவனுக்குப் "புகார் பெட்டி" என்று புதிய பெயர் ஒன்றும் சேர்ந்துகொண்டது. பிழை என்னுடையது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கடிதம் எனக்கு வேறு வழி எதையும் காட்டவில்லை என்பதும் உண்மை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இப்படிப்பட்ட கடிதங்களை வாங்கிப் படித்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் அதே சில குறைகள்தான்.

முதல் குறை, வார்த்தையை மறைப்பது. "தகாத வார்த்தைகள்" என்று படித்ததும் நான் கெட்ட வார்த்தை பேசும் பிள்ளைகளைத் தேட ஆரம்பித்தேன். ஒருவரும் அகப்படவில்லை. ஒரு வாரம் கழித்து அந்த அம்மா நேரில் வந்து உட்கார்ந்து பேசியபோதுதான் விஷயம் விளங்கியது. பையனுக்குத் திக்குவாய். தமிழ் வகுப்பில் எழுந்து பாடம் வாசிக்கும்போது ஒரு சொல்லில் நின்றுவிடுவான். உடனே பின்வரிசையிலிருந்து பஸ் நிற்கும் சத்தம்போல "கிரீச்" என்று ஓர் ஒலி வரும். அவனுக்கு வைத்த பெயர் "பிரேக்". "பிரேக் வருது, ஒதுங்கு" என்பார்களாம் இடைவேளையில்.

"பிரேக்" என்ற சொல்லில் தகாதது எதுவும் இல்லை. அந்தச் சொல்லை நானே வகுப்பில் கேட்டிருக்கிறேன், ஏதோ விளையாட்டு என்று விட்டிருக்கிறேன். பிள்ளைகளின் கேலி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். வெளியாள் காதுக்கு அதில் குற்றம் தெரியாது. அதனால் சொல்லை அப்படியே எழுத வேண்டும், சத்தமாக இருந்தால் எந்தச் சத்தம் என்றும் எழுத வேண்டும். எழுதக் கை கூசும் சொல்லாக இருந்தாலும் எழுதிவிடுங்கள். அது உங்கள் வாயிலிருந்து வந்த சொல் என்று எந்த ஆசிரியரும் நினைக்கமாட்டார்.

இரண்டாவது, "எல்லோரும், எப்போதும்". பிள்ளையின் வலி அப்படித்தான் சொல்லும், அதில் பொய் இல்லை. ஆனால் வகுப்பாசிரியர் தன் பாடவேளையை மட்டுமே நேரில் பார்க்கிறார். தமிழ் வகுப்பில் நடப்பது கணக்கு ஆசிரியைக்குத் தெரியாது. சத்துணவு வரிசையில் நடப்பது இருவருக்கும் தெரியாது. எந்தக் கிழமை, எந்தப் பாடவேளை, எந்த இடம், யார் யார் என்று தெரிந்தால் கண்காணிப்பை அங்கே வைக்க முடியும். இந்தப் பையன் விஷயத்தில் "எல்லோரும்" என்பது மூன்று பேர், "எப்போதும்" என்பது புதனும் வெள்ளியும், வாய்விட்டு வாசிக்கும் நாட்கள். மற்றவர்கள் சிரித்தவர்கள். சிரித்தவர்களையும் கிண்டலைத் தொடங்கியவர்களையும் ஒரே தட்டில் வைத்தால் முப்பத்தேழு பிள்ளைகளின் பகையைச் சும்மா வாங்கிக்கொள்கிறோம்.

இந்த விவரங்களைப் பிள்ளையிடமிருந்து வாங்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. "யார் செய்தது, பெயரைச் சொல்" என்று தொடங்கினால் வாய் மூடிவிடும். "தமிழ் வகுப்பில் உன் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? நீ வாசித்து முடித்ததும் என்ன நடந்தது?" என்று நாளை நடத்திக்கொண்டு போனால் தானாக வரும். ஒரே இரவில் எல்லாவற்றையும் கேட்டுவிட வேண்டாம். நான்கைந்து நாட்கள் கேட்டு, அன்றன்று ஒரு நோட்டில் தேதியுடன் குறித்து வைத்தால் போதும். அவன் சொன்னது எது, நீங்கள் கண்ணால் பார்த்தது எது என்பதைப் பிரித்து எழுதுங்கள். "அவன் சொன்னபடி" என்று எழுதுவதால் உங்கள் பேச்சு பலவீனமாகாது. பின்னால் ஒரு விவரம் தவறாகிப்போனாலும் மொத்தக் கடிதமும் பொய்யாகிவிடாது.

மூன்றாவது, "வளர்ப்புச் சரியில்லாத". கோபம் நியாயமானதுதான். ஆனால் இந்தக் கடிதம் என் மேசையோடு நிற்காது. தலைமையாசிரியர் படிப்பார், மற்றப் பையனின் பெற்றோரை அழைத்தால் அவர்களும் கேட்டுப் படிக்கக்கூடும். படித்த நொடியில் பேச்சு உங்கள் மகனை விட்டு அவர்கள் வீட்டு மானத்துக்குப் போய்விடும். என் அறையில் இது நடந்திருக்கிறது. இரண்டு தகப்பன்மார்கள் யார் பிள்ளையை யார் வளர்த்தார்கள் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் இருவரும் கதவுக்கு வெளியே நின்றிருந்தார்கள். அந்தப் பையன் என்ன செய்தான் என்பதை மட்டும் எழுதுங்கள். அவன் எப்படிப்பட்டவன் என்று எழுத வேண்டாம்.

நான்காவது, "தக்க நடவடிக்கை". அது என்ன நடவடிக்கை என்று எழுதாவிட்டால் ஆசிரியர் தனக்குத் தெரிந்ததைச் செய்வார்: வகுப்பில் விசாரிப்பார், திட்டுவார், கைகுலுக்கச் சொல்லி அனுப்பிவிடுவார். கேலி அதோடு பள்ளி வாசலுக்கு வெளியே இடம் மாறும். என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று நீங்களே எழுதலாம். அது ஆசிரியருக்குப் பாடம் நடத்துவது ஆகாது. பிள்ளையை அறிந்தவர் நீங்கள். அதை எழுதுவதற்கு முன் பிள்ளையிடமும் கேளுங்கள். அந்த அம்மா முதலில் "அவனை வாசிக்கச் சொல்ல வேண்டாம்" என்று கேட்க நினைத்திருந்தார். மகன் மறுத்துவிட்டான். வாசிக்காமல் உட்கார வைத்தால் அது இன்னொரு கேலியாகும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. இன்னொருவருடன் சேர்ந்து வாசிப்பதாக இருந்தால் சரி என்றான். திக்குவாய் உள்ளவர்கள் பலருக்குக் குரல் சேர்த்து வாசிக்கும்போது தடங்கல் குறைந்துவிடும். வீட்டில் தங்கையுடன் வாசிக்கும்போது அவனே இதைக் கண்டுபிடித்திருந்தான்.

கடைசியாக, கடிதம் போய்ச் சேரும் வழி. பிள்ளையின் பையிலோ டைரியிலோ வைத்து அனுப்பாதீர்கள். பள்ளிப் பையில் இருக்கும் எதுவும் ரகசியம் அல்ல. வகுப்புப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது அதைவிட மோசம்; அன்று மாலைக்குள் நாற்பது வீடுகளிலும் அது பேச்சாகிவிடும். மூடிய உறையில் பெயர் எழுதி, பள்ளி விடும் நேரத்தில் நேரில் கொடுங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

நாங்கள் பேசி முடித்த பிறகு அந்த அம்மா எழுதிய இரண்டாவது கடிதம் ஏறத்தாழ இப்படி இருந்தது. பெயர்களை எடுத்துவிட்டிருக்கிறேன்.

"மதிப்பிற்குரிய வகுப்பாசிரியை அவர்களுக்கு, வணக்கம். தங்கள் வகுப்பில் படிக்கும் என் மகனைப் பற்றி எழுதுகிறேன். அவனுக்குச் சிறு வயது முதல் திக்குவாய் உண்டு. கடந்த மூன்று வாரங்களாகப் புதன், வெள்ளிக்கிழமைகளில் தமிழ் வகுப்பில் அவன் வாசிக்கும்போது பின்வரிசையிலிருந்து 'கிரீச்' என்று சத்தம் எழுப்புகிறார்கள் என்றும், இடைவேளையில் 'பிரேக்' என்று அழைக்கிறார்கள் என்றும் சொல்கிறான். அவன் குறிப்பிட்ட மூன்று மாணவர்களின் பெயர்களைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். அவர்கள் தரப்பில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. நான் நேரில் கண்டது: இரண்டு வெள்ளிக்கிழமைகளில் வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுத்தான், சனிக்கிழமை நன்றாக இருந்தான்.

வகுப்பின் முன் அவனையோ மற்றவர்களையோ இதுபற்றிக் கேட்க வேண்டாம் என்று வேண்டுகிறேன். தமிழாசிரியரிடம் தாங்கள் பேச முடியுமா? அவன் வாசிப்பை நிறுத்த வேண்டாம். இருவர் இருவராக வாசிக்கும் ஏற்பாடு இருந்தால் எளிதாக இருக்கும் என்கிறான். வரும் வாரம் எந்த நாள் மாலையில் தங்களைப் பத்து நிமிடம் பார்க்கலாம் என்று தெரிவித்தால் வருகிறேன்."

பெயர்களைத் தனித்தாளில் எழுதியது அந்த அம்மாவின் யோசனை. கடிதத்தை யாரிடமும் காட்டலாம், அந்தத் தாளை நான் என்னிடமே வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு பெற்றோர் எல்லோருக்கும் நான் அதைத்தான் சொல்லி வந்தேன்.

எல்லாவற்றுக்கும் இந்தக் கடிதம் போதாது. அடி, பணம் பறித்தல், உடலைத் தொடுதல், செல்போனில் படம் எடுத்துப் பரப்புதல் என்று இருந்தால் வகுப்பாசிரியருடன் நிறுத்தாமல் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. தமிழ்நாட்டில் பள்ளிக்கல்வித் துறையின் எண் 14417. பிள்ளை சாக வேண்டும் என்பதுபோல் பேசினால் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

சாதியைச் சொல்லிக் கேலி செய்தால் அதைக் "கிண்டல்" என்ற சொல்லால் எழுதவே கூடாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் காயப்பட்டாள். பள்ளியில் தனக்கு நடந்த தொல்லையை அவன் புகாராகச் சொன்ன பிறகு நடந்தது அது. அதையொட்டித்தான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. அதனால் இத்தகைய புகாரில், விசாரிக்கும் முன்பே பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு என்று தலைமையாசிரியரிடம் கேட்டு, அதையும் கடிதத்தில் எழுதுங்கள்.

இனி அந்தப் பையன். கடிதம் வந்த மறுநாள் நான் தமிழாசிரியரிடம் பேசினேன். அவர் அந்த வாரம் முதல் வகுப்பு முழுவதையும் இரண்டிரண்டு பேராக வாசிக்க வைத்தார். இவனுக்காக என்று ஒருவருக்கும் தெரியாது. மூன்று பேரையும் நான் தனித்தனியாக, வெவ்வேறு நாட்களில், வேறு வேலை சொல்லி அழைத்துப் பேசினேன். ஒருவன் அழுதுவிட்டான், அவன் அண்ணனுக்கும் திக்குவாயாம். "பிரேக்" உடனே நிற்கவில்லை. குறையக் குறைய ஒரு மாதம் ஆனது. நடுவில் ஒரு புதன்கிழமை மீண்டும் சத்தம் வந்தது. தேதி, பாடவேளை, அந்தச் சொல் மூன்றையும் எழுதி, பள்ளி விடும் நேரத்தில் மூடிய உறையில் அந்த அம்மா இரண்டே வரிகள் கொண்டுவந்து கொடுத்தார். அன்று நான் யாரையும் வகுப்பில் கேட்கவில்லை. யாரை அழைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.