கார்னர் கிக்: எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்க்காமல் ஆடும் தவறு

பல அணியினர் மூன்று நான்கு கார்னர் திட்டங்களைப் பயிற்சியில் மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். ஆட்டத்தில் எதிரணி எப்படி நின்றாலும் அவற்றையே ஒன்றன்பின் ஒன்றாக ஆடிப் பார்ப்பார்கள். பந்து முதல் டிஃபெண்டரின் தலைக்கோ கோல்கீப்பரின் கைக்கோ போய்ச் சேரும், உதைத்தவருக்குத் திட்டு விழும். ஆனால் பல நேரங்களில் உதையில் குறை இருக்காது. மேன் மார்க்கிங்கை உடைக்கும் திட்டத்தை ஸோனல் மார்க்கிங்குக்கு எதிராக ஆடியிருப்பார்கள், அவ்வளவுதான்.

மேன் மார்க்கிங்கில் ஒவ்வொரு டிஃபெண்டருக்கும் ஓர் ஆள் ஒதுக்கப்பட்டிருக்கும். அந்த ஆள் எங்கே ஓடினாலும் பின்னாலேயே போக வேண்டும். ஸோனலில் ஆளுக்குப் பதில் இடம். கோல் முன்னால் 5.5 மீட்டர் ஆழமுள்ள சின்னப் பெட்டியின் கோட்டையொட்டி நான்கைந்து பேர் நிற்பார்கள். தன் பகுதிக்குள் வரும் பந்தை அவரவர் அடிக்க வேண்டும், யார் எங்கே ஓடுகிறார்கள் என்பது அவர்கள் கவலை அல்ல. எதிரணி இதில் எந்த வகை என்பதை முதல் கார்னரிலேயே தெரிந்துகொள்ளலாம். பந்து உதைபடுவதற்கு முன் உங்கள் வீரர் ஒருவரை பெட்டியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். கூடவே ஒருவர் நடந்தால் மேன் மார்க்கிங், யாரும் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றால் ஸோனல். கோட்டில் சிலர் அசையாமல் நிற்க, வெளியே இரண்டு மூன்று பேர் மட்டும் நகர்ந்தால் இரண்டும் கலந்த முறை. பெரிய லீக்குகளில் இந்தக் கலப்பு முறையைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

ஏமாற்று ஓட்டத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். ஒருவர் உதைப்பவருக்குப் பக்கத்திலுள்ள கோல் கம்பமான நியர் போஸ்டை நோக்கிப் பாய்வார், அவரைத் துரத்தும் டிஃபெண்டர் இடத்தைக் காலி செய்வார், பின்னால் வருபவர் அந்தக் காலி இடத்தில் தலையால் முட்டுவார். இதுதான் கணக்கு. மேன் மார்க்கிங்குக்கு எதிராக இது அருமையாக வேலை செய்யும். முழு ஸோனலுக்கு எதிராக ஓடினால் யாரும் துரத்த மாட்டார்கள். இடமும் காலியாகாது, உங்கள் ஆளில் ஒருவர் குறைந்ததுதான் மிச்சம். ஸோனலில் நிற்பவரை நகர்த்த வேண்டுமென்றால் பந்தைக் கொண்டுதான் நகர்த்த வேண்டும். கார்னர் கொடிக்குப் பக்கத்தில் இன்னொருவரை நிறுத்தி, பந்தை அவருக்கே தட்டிக்கொடுத்து ஷார்ட் கார்னர் ஆடப்போவதாகக் காட்டினால், பெட்டிக்குள்ளிருந்து ஒருவராவது வெளியே வந்தாக வேண்டும். பந்து ஆட்டத்துக்கு வரும்வரை அவர் கார்னர் வளைவிலிருந்து 9.15 மீட்டர் தள்ளித்தான் நிற்க முடியும். அதனால் அங்கே இரண்டு பேரைச் சமாளிக்கப் பெரும்பாலும் இரண்டு பேரை அனுப்புவார்கள். இப்போதுதான் கோட்டில் இடைவெளி விழும்.

மேன் மார்க்கிங்குக்கு எதிராகவும் ஏமாற்று ஓட்டம் வீணாகும் ஒரு சூழல் உண்டு. எல்லோரும் ஒரே நொடியில் ஓடத் தொடங்கிவிடுவார்கள். மைதானத்தின் அகலம் 68 மீட்டர் என்றால் கொடியிலிருந்து நியர் போஸ்டுக்குச் சுமார் 30 மீட்டர். வேகமாக உதைத்த பந்து அந்தத் தூரத்தைக் கடக்க ஒன்றரை விநாடிதான், சற்று முன்பின் இருக்கலாம். அதற்குள் ஏமாற்றுபவர் ஓடி, அவருக்குரிய டிஃபெண்டர் நம்பிப் பின்தொடர்ந்து, இடம் திறந்து, உண்மையான ஆள் வந்து சேர வேண்டும். ஆகவே ஏமாற்றுபவர் உதைப்பவர் அடியெடுத்து வைக்கும்போதே கிளம்பிவிட வேண்டும், முட்டப்போகிறவர் அதற்கு அப்புறம்தான் கிளம்ப வேண்டும். இன்னொன்று, ஏமாற்றுபவர் பந்து தனக்குத்தான் வருகிறது என்பதுபோல முழு வேகத்தில் ஓட வேண்டும். பாதி மனசோடு ஓடினால் டிஃபெண்டருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

பிளாக் கதை வேறு. மேன் மார்க்கிங்கில் துரத்தும் டிஃபெண்டரின் பாதையில் உங்கள் வீரர் ஒருவர் நின்றுவிட்டால் போதும், அந்த டிஃபெண்டர் அரை விநாடி தாமதிப்பார், முட்டப்போகிற உங்கள் ஆள் தனியாளாகிவிடுவார். 2018 உலகக் கோப்பையில் இங்கிலாந்து இதை ஒரு கலையாகவே ஆடியது. பெட்டிக்குள் நான்கு பேர் ரயில் பெட்டிபோல ஒருவர் பின் ஒருவராக ஒட்டி நிற்பார்கள். வரிசைக்கு நடுவே நுழைய டிஃபெண்டர்களுக்கு வழியே இருக்காது. உதை விழும் நேரத்தில் வரிசை நான்கு திசையில் சிதறும். அந்த ஆண்டு ஜூன் 24-ல் பனாமாவுக்கு எதிரான ஆட்டத்தின் 8-வது நிமிடத்தில் டிரிப்பியர் அடித்த கார்னரை ஜான் ஸ்டோன்ஸ் தலையால் கோலாக்கினார். பெனால்டி புள்ளிக்கு அருகே அவரைச் சுற்றி யாருமே இல்லை. துரத்த வேண்டியவர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார்.

பனாமா அதற்குக் கண்ட மருந்து, ஆட்களைக் கையால் பிடித்துக்கொள்வது. மேன் மார்க்கிங் ஆடுபவர்களுக்குப் பதற்றத்தில் வரும் தவறு இது. முதல் பாதி முடியும் நேரத்தில் இன்னொரு கார்னர் வந்தது. ஹாரி கேனைக் கட்டிப்பிடித்துச் சாய்த்தார்கள், நடுவர் பெனால்டி கொடுத்தார், கேன் அடித்தார். இடைவேளையில் ஸ்கோர் 5-0, ஆட்டம் முடிந்தபோது 6-1. அந்த அணி செய்திருக்க வேண்டியது வாய்ப்பேச்சுதான். வரிசை உருவாவதைப் பார்த்ததும், "யார் முதலில் நியர் போஸ்டுக்கு வந்தாலும் எனக்கு, இரண்டாவது உனக்கு" என்று ஆளைவிட்டு ஓட்டத்தைப் பங்கிட்டுக்கொண்டிருக்கலாம். பிளாக்கில் மாட்டியவரின் ஆளைப் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொள்ளும் இந்த மாற்று, பயிற்சியில் செய்து பார்க்காமல் ஆட்டத்தில் வராது.

பிளாக் போடுபவர் செய்யும் தவறுக்கு வருவோம். விதி இதில் தெளிவு. எல்லா வீரருக்கும் தான் நிற்கும் இடத்தில் நிற்க உரிமை உண்டு. வழியில் நிற்பது குற்றமில்லை, எட்டும் தூரத்தில் பந்து இல்லாதபோது வழிக்குள் நகர்ந்து போய் மறிப்பதுதான் குற்றம். ஆகவே முன்கூட்டியே இடத்துக்குப் போய், கைகளை உடம்போடு வைத்துக்கொண்டு, அசையாமல் நிற்பவர் தப்பிக்கிறார். கடைசி நொடியில் பக்கவாட்டில் தாவி முழங்கையை விரிப்பவர் மாட்டுகிறார், கோலும் ரத்தாகிறது.

ஸோனலுக்கு எதிரே பிளாக் யாரை மறிக்க வேண்டும்? துரத்துபவர் யாருமில்லையே. அங்கே பிளாக்கின் குறி இரண்டு பேர்தான்: பந்து விழப்போகும் இடத்தில் நிற்கும் டிஃபெண்டர், அப்புறம் கோல்கீப்பர். உள்ளே வளைந்து வரும் இன்ஸ்விங்கர் பந்துக்குக் கோல்கீப்பர் முன்னே ஓரடி எடுத்து வைக்க முடியாமல் செய்தாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் இதில் ஆஃப்சைடு கண்ணி ஒன்று இருக்கிறது. கார்னரிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சலுகை முதல் தொடுகையோடு முடிந்துவிடுகிறது என்பதைத்தான் மறக்கிறார்கள். உங்கள் அணிக்காரர் தலையால் முட்டிய அந்தக் கணத்தில் கோல்கீப்பரின் கண்ணை மறைத்து ஆஃப்சைடு நிலையில் நிற்பவர் கோலைக் கெடுத்துவிடுவார்.

உல்வர்ஹாம்ப்டன் மைதானத்தில் 2024-ல் நடந்த இரண்டு ஆட்டங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் இது விளங்கும். ஏப்ரலில் வெஸ்ட் ஹாமுக்கு எதிராக உள்ளூர் அணியான உல்வ்ஸின் வீரர் கில்மேன் கூடுதல் நேரத்தில் கார்னரிலிருந்து முட்டிய கோல் ரத்தானது. சக வீரர் ஆஃப்சைடு நிலையில் கோல்கீப்பர் முன்னால் நின்றார் என்பது காரணம். அக்டோபரில் அதே மைதானத்தில் மான்செஸ்டர் சிட்டிக்காக ஸ்டோன்ஸ் கடைசி நிமிடங்களில் முட்டிய கோலையும் முதலில் ரத்து செய்தார்கள். வீடியோவில் பார்த்துவிட்டு நடுவர் அதைக் கொடுத்தார். கோல்கீப்பரை ஒட்டி நின்ற பெர்னார்டோ சில்வா, ஸ்டோன்ஸ் முட்டிய நேரத்தில் பார்வைக் கோட்டில் இல்லை என்பதே கணக்கு. உல்வ்ஸ் ரசிகர்களுக்கு இரண்டுமே கசந்திருக்கும். பிளாக் போடுபவருக்குப் பாடம் எளிது: பந்து காற்றில் இருக்கும்போது மறியுங்கள், முட்டுவதற்குள் விலகிவிடுங்கள்.

ஸோனல் ஆடும் அணிகளின் தவறும் பேச வேண்டியதுதான். கோல் வாங்கியதும், "ஸோனல் வேலைக்காகாது, ஆளுக்கு ஆள் பிடியுங்கள்" என்று குரல் எழும். மேன் மார்க்கிங்கில் கோல் விழுந்தால் ஒருவரைக் குறை சொல்கிறோம், ஸோனலில் விழுந்தால் முறையையே குறை சொல்கிறோம். இது நியாயமில்லை. உண்மையான ஓட்டை எங்கே என்றால், நிற்பவருக்கும் ஓடிவருபவருக்கும் உள்ள வித்தியாசத்தில். எட்டு மீட்டர் ஓடி வந்து எகிறுபவருக்கு, நின்ற இடத்திலிருந்து எகிறுபவர் ஈடாக மாட்டார். அதனால்தான் ஸோனல் கோட்டுக்கு முன்னால், பெனால்டி புள்ளி அருகே, இரண்டு மூன்று பேரை ஓட்டத்தைத் தடுக்க நிறுத்துகிறார்கள். அவர்கள் பந்தை வெல்ல வேண்டாம், எதிரியின் வேகத்தைக் குறைத்தால் போதும். இந்த ஆட்களே இல்லாத ஸோனல் அரைகுறை ஸோனல். அப்புறம் நிற்கும் விதம். குதிகால் தரையில் பதிய, முகம் முழுக்கக் கொடியைப் பார்த்து நிற்பவர் முதுகுக்குப் பின்னால் வருபவரைப் பார்க்கவே மாட்டார். பக்கவாட்டில் திரும்பி, முன்னங்காலில் நின்று, முன்னே பாய்ந்து அடிக்கத் தயாராக நிற்க வேண்டும்.

இப்போது கலப்பு முறைக்கு எதிரே ஒரு திட்டத்தை முழுசாகப் போட்டுப் பார்ப்போம். வலப்பக்கக் கார்னர், இடது காலால் இன்ஸ்விங்கர். எதிரணியில் ஐந்து பேர் கோட்டில், மூன்று பேர் உங்கள் உயரமான மூவரைத் தடுக்க வெளியே, ஒருவர் ஷார்ட் கார்னருக்கு, ஒருவர் பெட்டியின் விளிம்பில். கோட்டிலுள்ள ஐந்து பேரை ஓட்டத்தால் ஏமாற்ற முயல்வது வீண். வெளியே நிற்கும் மூவர் மட்டும்தான் ஆளைத் துரத்துபவர்கள். எனவே உங்கள் உயரமானவர்களில் இருவர் முதலில் நியர் போஸ்டுக்குப் பாய வேண்டும், இருவர் அவர்கள் பின்னால் போவார்கள். மூன்றாமவர்தான் முட்டப்போகிறவர். அவருக்குரிய தடுப்பாளரின் பாதையில் உயரம் குறைந்த உங்கள் வீரர் ஒருவர் முன்பே போய் நின்றிருக்க வேண்டும். இன்னொருவர் கோட்டில் கடைசி ஆளுக்கு அருகே நின்று, அவர் பின்னோக்கி நகர முடியாமல் செய்ய வேண்டும். பந்து அந்தக் கடைசி ஆளின் தலைக்கு மேலே ஃபார் போஸ்டை நோக்கி வர, மூன்றாமவர் பத்து மீட்டர் ஓட்டத்தோடு தனியாக அங்கே வந்து சேர்வார். பெட்டி விளிம்பில் உங்கள் வீரர் ஒருவர், நடுக்கோட்டருகே இருவர், இவர்களை அங்கிருந்து நகர்த்தக்கூடாது. கோல்கீப்பர் பந்தைப் பிடித்துவிட்டால் எதிர்த்தாக்குதலை நிறுத்த அவர்கள்தான் இருக்கிறார்கள்.

இதே திட்டம் எந்த இடத்தில் உடைந்தது என்பதை வீடியோவில் பார்க்கும்போது பந்தைப் பார்க்காதீர்கள். மூன்றாமவரின் தடுப்பாளரைப் பாருங்கள். அவர் பிளாக்கைச் சுற்றி வந்து சேர்ந்திருந்தால் பிளாக் நின்ற இடம் தவறு. அவர் மாட்டிக்கொண்டும் பந்து கோட்டில் நின்றவரின் தலைக்குப் போயிருந்தால், அப்போதுதான் உதைத்தவரிடம் பேச வேண்டும்.