காலணியைக் குறை சொல்வதற்கு முன்: ஓடும் பெண்களின் எலும்பு விரிசலில் நாம் செய்யும் தவறுகள்

பதினேழு வயது ஓட்டக்காரி ஒருத்திக்குக் கீழ்க்கால் எலும்பில் விரிசல் என்று தெரிந்ததும், பயிற்சியாளர் அவள் காலணியைப் புரட்டிப் பார்க்கிறார். வீட்டில் ஓடுதளத்தின் கடினத்தைக் குறை சொல்கிறார்கள். கடைசியாக மாதவிடாய் எப்போது வந்தது, பயிற்சி நாளில் என்ன சாப்பிடுகிறாள் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இதை நான் முதல் தவறாகச் சொல்வேன்.

ஓடும்போது எலும்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சேதம் ஏற்படுவது இயல்பு. பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும் புதிதாகக் கட்டும் செல்களும் சேர்ந்து அதைச் சரிசெய்துவிடும். அந்தப் பழுதுபார்ப்புக்கும் ஆற்றல் வேண்டும். உணவு போதாதபோது உடல் இதயத்தையும் மூளையையும் காப்பாற்றிக்கொண்டு, இனப்பெருக்க வேலையையும் எலும்பு கட்டுவதையும் குறைத்துவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் சரிகிறது. எலும்பைக் கரைக்கும் செல்களுக்குக் கடிவாளம் போடுவதே அந்த ஹார்மோன்தான். 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், இளம்பெண்களின் உடலுக்குக் கிடைக்கும் ஆற்றலை ஐந்தே நாள் குறைத்தபோது, எலும்பு உருவாக்கத்தைக் காட்டும் இரத்த அளவீடுகள் சரிந்தன.

எவ்வளவு சாப்பிட்டால் போதும்? சாப்பிட்ட கலோரியிலிருந்து பயிற்சியில் செலவானதைக் கழித்து, மீதியைக் கொழுப்பு நீங்கலான உடல் எடையால் வகுத்துப் பார்க்கலாம். நம் ஓட்டக்காரியின் எடை 50 கிலோ. அதில் கொழுப்பு 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பத்து கிலோமீட்டர் ஓட அவளுக்குச் சுமார் 500 கலோரி செலவாகும். அவள் சாப்பிடுவது 1,600. மீதி 1,100; அதை 40-ஆல் வகுத்தால் 27.5. சுமார் 45 இருப்பது நல்லது. 30-க்குக் கீழே போனால், கருமுட்டைச் சுழற்சியை இயக்கும் ஹார்மோன் துடிப்புகள் குலைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் 30 கறாரான எல்லை அன்று. சிலருக்கு அதற்கு மேலேயே சிக்கல் தொடங்கும். அவள் 45-ஐத் தொட நாளுக்கு இன்னும் 700 கலோரி வேண்டும். இரண்டு வாழைப்பழம், ஒரு கைப்பிடி நிலக்கடலை, ஒரு டம்ளர் பால், கூடுதலாக ஒரு கப் சோறு: ஏறக்குறைய கணக்கு சரியாகிவிடும்.

"எடை குறையவில்லையே, அப்படியானால் போதிய அளவு சாப்பிடுகிறாள்" என்பது பலரை ஏமாற்றும் கணக்கு. குறைந்த உணவுக்கேற்ப உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும்; எடை அசையாமல் நிற்கும். வெறும் வயிற்றில் ஓடி, பகலில் அரைகுறையாகச் சாப்பிட்டு, இரவில் மொத்தமாக ஈடுகட்டுவதும் தவறுதான். நாளின் கூட்டுத்தொகை சரியாக இருந்தாலும், உடல் பல மணி நேரம் பற்றாக்குறையில் கிடக்கிறது.

மாதவிடாய் நின்றுபோவதைக் கடும் பயிற்சியின் அடையாளமாக எடுத்துக்கொள்வதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. மூன்று மாதம் வரவில்லை என்றாலோ, 15 வயதாகியும் முதல் மாதவிடாய் வரவில்லை என்றாலோ மருத்துவரிடம் போக வேண்டும். கருத்தடை மாத்திரை போட்டு அதை "வரவைப்பது" தீர்வாகாது. அந்த இரத்தப்போக்கு மாத்திரையை நிறுத்துவதால் வருவது. பற்றாக்குறை அப்படியே இருக்கும், அடையாளம் மட்டும் மறைந்துவிடும். கால்சியம் மாத்திரையும் உணவுக் குறையை ஈடுசெய்யாது.

அமெரிக்க ஓட்டக்காரி மேரி கெய்ன் 2013-இல் 17 வயதிலேயே உலக சாம்பியன்ஷிப்பில் ஓடியவர். எடையைக் குறைக்கும்படி தொடர்ந்து வற்புறுத்தப்பட்டதாகவும், மூன்று ஆண்டுகள் மாதவிடாய் நின்று ஐந்து எலும்புகள் முறிந்ததாகவும் 2019-இல் அவர் வெளிப்படையாகச் சொன்னார்.

விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்து வலி, ஓட ஓடக் கூடும் வலி, ஒற்றைக் காலில் குதித்தால் குத்தும் வலி ஆகியவற்றைத் தசைப்பிடிப்பு என்று தள்ளிவிடக் கூடாது. முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்-ரே பெரும்பாலும் இயல்பாகவே தெரியும், எம்.ஆர்.ஐ. தான் காட்டிக்கொடுக்கும். தொடை இடுக்கில் வலி என்றால் அன்றே ஓட்டத்தை நிறுத்த வேண்டும். தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் விரிசல் இருந்து, அது முழுதாக முறிந்தால் அறுவை சிகிச்சைதான்.

விரிசல் ஆறியதும் பழைய சாப்பாட்டு அளவோடு களத்துக்குத் திரும்புவது கடைசித் தவறு. கீழ்க்கால் விரிசல் சில வாரங்களிலோ இரண்டு மூன்று மாதங்களிலோ ஆறலாம். மாதவிடாய் திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். இழந்த எலும்பு அடர்த்தி திரும்ப ஆண்டுகள் பிடிக்கும், சிலருக்கு முழுதாகத் திரும்புவதே இல்லை. அதனால் களத்துக்கு எப்போது திரும்பலாம் என்பதை மருத்துவரோடு உணவியல் நிபுணரும் சேர்ந்து முடிவு செய்வது நல்லது.