ஈயப்பற்றைச் சுரண்டிய ஆசாரி அண்ணனுக்கு

ஆசாரி அண்ணே, வணக்கம்.

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கையில், அறுந்துபோன அம்மாச்சி சங்கிலியோடு வந்தேன். அதற்கு முன் போன கடையில் "மாத்திப் புதுசு எடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "யாரோ ஈயப்பற்று வச்சிருக்காங்கம்மா. அப்படியே நெருப்புல காட்டினா ஈயம் தங்கத்தைத் தின்னுடும்" என்றீர்கள். அந்தச் சாம்பல் நிறத் திட்டு முழுக்கப் போகும்வரை அரத்தால் சுரண்டிய பிறகுதான் வெண்காரம் தடவி, பொடி வைத்து ஊதினீர்கள்.

பக்கத்தில் நூலாய்த் தேய்ந்திருந்த இரண்டு வளையங்களையும் மாற்றச் சொன்னபோது, கூலிக்காகத்தான் சொல்கிறீர்களோ என்று நினைத்தேன். மன்னியுங்கள். முன்னும் பின்னும் எடை போட்டுக் காட்டினீர்கள்; 200 மில்லிதான் கூடியிருந்தது.

எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் அம்மா அதைப் போட்டுக்கொண்டார். பற்று வைத்த இடத்தை விரலால் தேடினார், அகப்படவில்லை.