பங்குத் தெரிவுரிமைக் கணக்கில் நான் விட்ட பிழை

வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்குக் கொக்குவிலில் வீட்டில் இருந்தபடி வேலை செய்கிறேன். சம்பளத்தோடு 4,000 பங்குத் தெரிவுரிமைகளும், அதாவது கம்பனியின் பங்கைக் குறித்த விலைக்குப் பிறகு வாங்கும் உரிமைகளும், தந்தார்கள். வாங்கும் விலை 2 டொலர், சந்தை விலை 5 டொலர். 20,000 டொலர் என்று வீட்டில் சொல்லியும்விட்டேன்!

கணக்காளரான அத்தான் சிரித்தார். ஒன்றுக்கு 3 டொலர்தான் மிச்சம். ஆண்டுக்கு 1,000 வீதம் உரித்தாவதால், இரண்டு ஆண்டு முடிந்த இப்போது என் கையில் இருப்பது 2,000. அதன் பெறுமதி 6,000 டொலர்.

மீதி 2,000 பிறகு வருவது என்பதால், அந்த 3 டொலரையே ஆண்டுக்கு 5% வட்டியில் இன்றைய பெறுமதிக்குக் கழித்தேன். அங்கேதான் பிழை. "சந்தை விலை இன்றைய பெறுமதிதானே, அதை ஏன் கழிக்கிறீர்? பிறகு கட்டப்போகும் 2 டொலரை மட்டும் கழியும்" என்றார். அடுத்த ஆண்டுக்குரியது 5 − 2/1.05, அதாவது 3.10 டொலர். அதற்கடுத்தது 3.19. காத்திருந்தால் குறையும் என்று நினைத்தது கூடியது.

ஆனால் இடையில் வேலையை விட்டால் உரித்தாகாதவை போய்விடும். ஆண்டுக்கு 90% நிலைப்பேன் என்று வைத்து 0.9, 0.81 ஆல் பெருக்கினேன். மொத்தம் ஏறத்தாழ 11,370 டொலர்.

பங்கிலாபம் கொடுக்காத கம்பனிக்குத்தான் இது சரி. விலை ஏறியிறங்கும் வாய்ப்பின் பெறுமதி இதில் இல்லை. ஆகவே இது அடிமட்டத் தொகை. வரியையும் இன்னும் கழிக்கவில்லை.