கடலூரில் வீடு, நாம் வெளிநாட்டில்: குடியிருப்பவருக்கு எழுதும் முதல் கடிதம்

ஊரில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்கள், குடியிருப்பவரிடம் எல்லாவற்றையும் போனிலேயே பேசி முடித்துவிடுகிறார்கள். அக்கவுண்ட் நம்பர் வாட்ஸ்அப்பில் போகும், "வீட்டைப் பார்த்துக்கங்க சார்" என்று ஒரு வார்த்தையும் போகும். அப்புறம் வருமான வரி விஷயத்திலும், மழை பெய்யும்போது மொட்டை மாடி விஷயத்திலும் தகராறு வரும். குடிவந்த முதல் மாதமே ஒரு கடிதம் எழுதிவிட்டால் இந்த இரண்டும் பெரும்பாலும் வராது. அதை எப்படி எழுதுவது என்று பார்ப்போம்.

உதாரணத்துக்கு என் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். நான் மஸ்கட்டில் இருக்கிறேன், வீடு கடலூர் புதுப்பாளையத்தில். குடியிருப்பவர் ஒரு பள்ளி ஆசிரியை, நான் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். கணக்குப் போட வசதியாக மாத வாடகை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் எனக்காக ஓடியாடுவது என் மச்சான்.

முதல் படி: எந்தக் கணக்குக்குப் பணம்

வெளிநாட்டில் வசிப்பவர் ஆகிவிட்டால், ஊரில் இருந்த சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்றிவிட வேண்டும். இந்தியாவில் கிடைக்கும் வாடகை அந்தக் கணக்கில்தான் வர வேண்டும். அம்மா கணக்கில் போடச் சொல்வது, மச்சான் கணக்கில் போடச் சொல்வது எல்லாம் அப்போதைக்குச் சுலபமாக இருக்கும். பிறகு ஒருநாள் "இந்தப் பணம் யாருடையது" என்று கேள்வி வந்தால் அவர்கள்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். கடிதத்தில் இப்படி எழுதலாம்:

> "டீச்சர் அவர்களுக்கு வணக்கம். வாடகையை ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் கீழே உள்ள என்ஆர்ஓ கணக்கில் போடவும். முதல் முறை ஒரு ரூபாய் மட்டும் அனுப்புங்கள். வந்துவிட்டது என்று நான் சொன்ன பிறகு மீதியை அனுப்பலாம். கணக்கு எண் மாறினால் நானே வீடியோ காலில் முகம் பார்த்துச் சொல்வேன். என் பெயரில் வெறும் மெசேஜ் மட்டும் வந்தால் நம்ப வேண்டாம்."

கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், நேரில் போய்க் கேட்க முடியாது என்பது தெரிந்தால், ஏமாற்றுகிறவனுக்கு ஒரு புது நம்பரும் உங்கள் புரொஃபைல் படமும் போதும்.

இரண்டாம் படி: டிடிஎஸ் என்கிற வரிப் பிடித்தம், இதை விளக்கமாக எழுதுங்கள்

கடிதத்தில் அதிக இடம் இதற்குத்தான் போகும், ஏனென்றால் குடியிருப்பவருக்கு இது பெரும்பாலும் தெரிந்திருக்காது. உள்ளூர் வீட்டுக்காரர் என்றால், சம்பளக்காரரான ஒரு குடித்தனக்காரர் மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் வரி பிடிக்க வேண்டும். வீட்டுக்காரர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அந்த வரம்பே கிடையாது. வாடகை எவ்வளவாக இருந்தாலும் 30 சதவீதமும், அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் பிடிக்க வேண்டும், ஆக 31.2 சதவீதம். பிடிக்காமல் விட்டால் வட்டியும் நோட்டீஸும் குடியிருப்பவர் பெயருக்குத்தான் வரும். அதனால் இதை அவருக்குச் சொல்வது நம் பொறுப்பு என்றே நினைக்கிறேன். "அவங்க பார்த்துக்குவாங்க" என்று இருப்பது நியாயமில்லை.

15,000 ரூபாய் வாடகையில் 31.2 சதவீதம் என்றால் 4,680 ரூபாய். மீதி 10,320 ரூபாய் நம் கணக்குக்கு வரும். பிடித்த 4,680 ரூபாயை டீச்சர் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்ட வேண்டும். மார்ச் மாதம் பிடித்ததற்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு. இதைக் கட்ட, வரி பிடித்துக் கட்டுகிறவர்களுக்கென்று வருமான வரித் துறை தரும் டான் எண் அவருக்கு வேண்டும், பான் எண் இருந்தால் மட்டும் போதாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம் ஏறும். படிவ எண்களைக் கடிதத்தில் எழுத வேண்டாம். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பழைய எண்கள் மாறிவிட்டன, பழைய வீடியோவைப் பார்த்து எழுதினால் குழப்பம்தான்.

ஒரு பள்ளி ஆசிரியை தன் வேலைக்கு நடுவே இதையெல்லாம் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகம். கடலூரிலேயே ஒரு ஆடிட்டரிடம் கொடுத்து, அவர் கூலியை நாமே கட்டிவிடுவதுதான் மரியாதை.

> "டீச்சர், நான் வெளிநாட்டில் இருப்பதால் சட்டப்படி நீங்கள் வாடகையில் வரி பிடித்துக் கட்ட வேண்டியிருக்கிறது. இதனால் உங்களுக்குக் கூடுதல் செலவு எதுவும் கிடையாது. மொத்தம் அதே 15,000 ரூபாய்தான், அதில் 4,680 அரசுக்கு, 10,320 எனக்கு. டான் எண் வாங்குவதையும் கணக்குத் தாக்கலையும் ஆடிட்டர் செய்து தருவார், அவருக்கான பணத்தை மச்சான் கொடுத்துவிடுவார். வாடகை ரசீதில் முழு 15,000 ரூபாயும் என் பான் எண்ணும் இருக்கும். பள்ளியில் வீட்டு வாடகைப் படிக்கு அதையே காட்டலாம்."

ரசீது விஷயத்தைச் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், வீட்டு வாடகைப் படிக்கு வரிச் சலுகை கேட்பவர் வீட்டுக்காரரின் பான் எண்ணைத் தர வேண்டும். அந்த எண் வெளிநாட்டில் வசிப்பவருடையது, ஆனால் அவர் பெயரில் வரி எதுவும் பிடிக்கப்படவில்லை என்றால், டீச்சர்தான் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

இனி நம் பக்கம். ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் வாடகை, பிடிபட்ட வரி 56,160 ரூபாய். வாடகை வருமானத்தில் 30 சதவீதம் நிலையான கழிவு போனால் 1,26,000 ரூபாய்தான் மிச்சம். இந்தியாவில் வேறு வருமானம் இல்லை என்றால் இதற்கு வரியே வராது, கணக்குத் தாக்கல் செய்து முழுப் பணத்தையும் திரும்ப வாங்கலாம். ஆனால் அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும். முடங்காமல் இருக்க, குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சொல்லும் சான்றிதழ் கேட்டு வருமான வரித் துறைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் டீச்சரின் டான் எண் தேவைப்படும், எனவே முதலில் அதை வாங்கிவிடுங்கள். சான்றிதழ் அந்த நிதியாண்டுக்கு மட்டும்தான், ஏற்கெனவே பிடித்த மாதங்களுக்குப் பொருந்தாது. அது கைக்கு வரும் வரை முழு விகிதத்தில்தான் பிடிக்க வேண்டும். "விண்ணப்பம் போட்டுட்டேன், பிடிக்காதீங்க" என்று டீச்சருக்கு எழுதிவிடாதீர்கள்.

டீச்சர் கட்டிய வரி நம் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்பது வருமான வரி இணையதளத்தில் நம் பெயரில் உள்ளே போய்ப் பார்த்தால் தெரியும். காலாண்டுக் கணக்கு போன பிறகும் அங்கே தெரியவில்லை என்றால் பெரும்பாலும் பான் எண்ணில் ஓர் எழுத்து மாறியிருக்கும். ஆடிட்டரிடம் சொன்னால் திருத்தக் கணக்குப் போட்டுச் சரிசெய்வார்.

மூன்றாம் படி: ரிப்பேர் செலவு யாருடையது

தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் இதைப் பிரித்தே வைத்திருக்கிறது. கட்டட ரிப்பேர், வெள்ளையடிப்பு, குழாய் பதிப்பு, ஒயரிங் ஆகியவை வீட்டுக்காரர் தலையில். டேப் வாஷர், சுவிட்சு, பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. கடிதத்தில் இதோடு ஒரு தொகையையும் எழுதுங்கள். நான் வைத்தது 2,000 ரூபாய். என் பங்கு வேலை அதற்குள் முடியும் என்றால் டீச்சர் கேட்காமலே செய்துவிட்டுப் பில்லையும் படத்தையும் அனுப்பலாம், மேலே போனால் ஒரு வார்த்தை கேட்கவேண்டும்.

பிளம்பருக்குக் கொடுத்த 1,200 ரூபாயை வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் எழுத வேண்டாம். வரி முழு வாடகைக்கும் பிடிக்க வேண்டும், கழித்த மாதத்தில் பலர் குறைந்த தொகைக்குக் கணக்குப் போட்டுவிடுவார்கள். வாடகை வாடகையாகவே போகட்டும், 1,200 ரூபாயை மச்சான் தனியாகக் கொடுத்துவிடட்டும்.

மச்சான் யார், அவர் என்னென்ன முடிவெடுக்கலாம் என்பதையும் எழுதிவிடுங்கள். வீட்டைப் பார்க்க வருவதானால் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். சொந்தக்காரர் என்பதற்காகத் திடீரென்று கதவைத் தட்டக் கூடாது.

நான்காம் படி: மழைக்கு முன் செய்ய வேண்டியது

கடலூரில் வீட்டுப் பராமரிப்பு என்றாலே ஐப்பசி, கார்த்திகைதான். 2011 டிசம்பரில் தானே புயல் இந்தப் பக்கம்தான் கரையைக் கடந்தது. 2024-இல் ஃபெஞ்சல் வந்தபோது மழை ஒருபக்கம், தென்பெண்ணை வெள்ளம் இன்னொருபக்கம். அதனால் "வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும்" என்று பொதுவாக எழுதுவதில் பயனில்லை. புரட்டாசி முடிவதற்குள் எதைப் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள்:

> "மொட்டை மாடியில் இரண்டு மூலையிலும் மழைநீர் இறங்கும் ஓட்டைகள் இருக்கின்றன. வேப்பஞ்சருகும் தென்னம்பூவும் அதில்தான் போய் அடைக்கும். அள்ளிப் போட்டுவிட்டு, ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சுழித்து இறங்கினால் சரி. தேங்கி நின்றால் குழாய்க்குள் அடைப்பு, மச்சானுக்குப் போன் செய்யுங்கள், ஆள் அனுப்புவார். தென்னைமரத்தில் காய்ந்த மட்டையும் நெற்றும் இறக்குவது என் செலவு."

கூரையில் ஈரக்கறை தெரிந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுங்கள். கறையின் ஓரத்தைப் பென்சிலால் சுற்றி வரைந்து, பக்கத்தில் தேதியை எழுதி, படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு கோட்டைத் தாண்டியிருந்தால் மாடித் தளத்தில் கசிவு இருக்கிறது. மழையே இல்லாமல் தாண்டியிருந்தால் மேலே போகும் தண்ணீர்க் குழாயைத்தான் சந்தேகப்பட வேண்டும். மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு கொத்தனாரைக் கூப்பிடுவதா பிளம்பரைக் கூப்பிடுவதா என்று முடிவுசெய்ய இந்தப் படம் போதும்.

தெருவில் தண்ணீர் ஏறினால் முதலில் மோட்டார் சுவிட்சையும் மெயினையும் அணைக்க வேண்டும், தண்ணீர் உள்ளே வந்த பிறகு தொடவே கூடாது. வடிந்த பிறகு சம்ப் தண்ணீரை முழுதாக இறைத்து, கழுவி, பிளீச்சிங் பவுடர் போடாமல் புழங்க வேண்டாம், அந்தச் செலவும் வீட்டுக்காரருடையது. ஜன்னல் கம்பி உப்புக் காற்றில் துருப்பிடிப்பது டீச்சரின் தவறல்ல. வருஷத்துக்கு ஒருமுறை ரெட் ஆக்சைடு அடித்துவிடச் சொல்லி மச்சானிடம் சொல்லிவையுங்கள்.

ஐந்தாம் படி: அனுப்புவது

முதலில் போன் செய்து டிடிஎஸ் பகுதியை வாயால் சொல்லிவிடுங்கள். வரி என்ற சொல்லை முதல்முறை கடிதத்தில் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். பிறகு கடிதத்தை ஈமெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பி, மச்சான் மூலம் ஒரு பிரிண்டும் கொடுத்துவிடுங்கள். பதிலாக டீச்சரிடம் கேட்க வேண்டியது மூன்றே விஷயம்: ஆடிட்டரைப் பார்க்கத் தோதான நாள், டான் எண் வந்ததும் அதன் நகல், குடிவந்த அன்று எடுத்த இபி மீட்டர் படம்.